ரத்தான இசை நிகழ்ச்சிக்குப் பணம் இல்லை, வரவு மட்டும்தானா? டிக்கெட் தொகையை ரொக்கமாகக் கோரிக் கடிதம் எழுதும் முறை

இசை நிகழ்ச்சி ஒன்று ரத்தாகும்போது, டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏற்பாட்டாளரிடமிருந்து வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கும். முதலில் வருத்தம் தெரிவிக்கப்படும். அடுத்து, செலுத்திய தொகை முழுவதும் 'பாதுகாப்பாக' இருப்பதாகக் கூறப்படும். பின்னர் அறிவிக்கப்படும் ஒரு தேதிக்கோ, அதே நிறுவனத்தின் வேறொரு நிகழ்ச்சிக்கோ அத்தொகையை வரவாக, அதாவது கிரெடிட்டாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு அதற்குப் பின் இடம்பெறும். பணத்தைத் திருப்பித் தருவது குறித்து அதில் ஒரு வரிகூட இருக்காது.

எல்லா நிறுவனங்களும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. பாப் பாடகர் ஜஸ்டின் பீபர் 2022 அக்டோபரில் தில்லியில் நடத்தவிருந்த நிகழ்ச்சி அவரது உடல்நலக் குறைவால் ரத்தானபோது, டிக்கெட் வாங்கிய அனைவருக்கும் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று உடனடியாக அறிவிக்கப்பட்டது. சிக்கல் எழுவது, ஏற்பாட்டாளர் வரவு ஒன்றை மட்டுமே வழியாக முன்வைக்கும்போதுதான். அந்நிலையில் நுகர்வோர் எழுதும் முதல் கடிதமே பின்னர் நடக்கவிருக்கும் அனைத்துக்கும் அடித்தளமாகிறது. அதில் எதைக் கூற வேண்டும் என்பதைப் போலவே, அதை எழுதும் முன் எதைச் செய்துவிடக் கூடாது என்பதும் முக்கியம்.

பாடகர்களைப் பற்றியே பேசும் சட்டம்

இத்தகைய கோரிக்கைக்கு நுகர்வோர் சட்டமே முதல் ஆதாரம் என்று பலரும் கருதுகின்றனர். அதற்கும் முந்தைய, இன்னும் உறுதியான ஆதாரம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் உள்ளது. அச்சட்டத்தை இயற்றியவர்கள் பல பிரிவுகளின் கீழ் சிறு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துள்ளனர். வியப்பளிக்கும் வகையில், அவற்றில் சில பாடகர்களையும் அரங்க மேலாளர்களையும் பற்றியவை.

பிரிவு 65-இன் கீழ் உள்ள ஓர் எடுத்துக்காட்டில், கச்சேரி ஒன்றில் பாடுவதற்காக ஒருவர் 1,000 ரூபாயை முன்பணமாகப் பெறுகிறார். நோயுற்றதால் அவரால் பாட இயலவில்லை. கச்சேரி நடந்திருந்தால் மற்றவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். யாருடைய தவறுமின்றி ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டாலும், அதன்கீழ் பெற்ற பயனைப் பெற்றவர் திருப்பியளிக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம்.

இன்றைய தகராறுகளில் பாதிக்கு விடை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மழை, காவல்துறை அனுமதி மறுப்பு, கலைஞரின் உடல்நலக்குறைவு என ஏற்பாட்டாளர் கூறும் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். அவை அவரை இழப்பீடு தரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கக்கூடும். டிக்கெட் பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை அவை பொதுவாக அவருக்கு அளிப்பதில்லை. 'எங்கள் தவறல்ல' என்பது இழப்பீட்டுக் கோரிக்கைக்கான பதில்; பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு அது பதிலாகாது. இவ்விரண்டையும் பிரித்து எழுதும் கடிதம், எடுத்த எடுப்பிலேயே எதிர்த்தரப்பின் முக்கிய வாதத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

இயலாமையால் அல்லாமல் வணிகக் காரணங்களுக்காக ஏற்பாட்டாளரே நிகழ்ச்சியைக் கைவிட்டால், அதே சட்டத்தின் பிரிவு 39 பொருந்தும். ஒரு தரப்பு தன் வாக்குறுதியை நிறைவேற்ற மறுத்தால், மற்ற தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட காலத்தில் நிறைவேற்றப்படுவதே முக்கியமான ஒப்பந்தங்களில், அக்காலம் தவறினால் ஒப்பந்தத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்று முடிவுசெய்யும் உரிமை காத்திருந்தவருக்கே உண்டு என்கிறது பிரிவு 55. இன்ன நாள், இன்ன நேரம் என்று அச்சிட்டு விற்கப்படும் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டவிதி இருக்க முடியாது.

கடிதத்துக்கு முன் செய்யக் கூடாத ஒன்று

அதே பிரிவுகளில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஒப்பந்தம் தொடர்வதற்குச் சொல்லாலோ நடத்தையாலோ இசைவு தெரிவித்துவிட்டவர், பின்னர் அதே காரணத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள முடியாது. பிரிவு 39-இன் எடுத்துக்காட்டில், ஆறாம் இரவு வேண்டுமென்றே வராத பாடகியை ஏழாம் இரவு பாட அனுமதித்துவிடுகிறார் அரங்க மேலாளர். அதன்பின் அவரால் ஒப்பந்தத்தை முறிக்க இயலாது. பிரிவு 55-உம் இதே வழியில் செல்கிறது. பிந்தைய தேதியை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே அறிவிப்பு தராவிட்டால், தாமதத்துக்காக இழப்பீடு கேட்க இயலாது.

மின்னஞ்சலில் வரும் 'வரவைப் பெறுக' என்ற பொத்தானின் முக்கியத்துவம் இதுதான். அதை அழுத்துவது, வரவுக் குறியீட்டைக் கணக்கில் சேர்ப்பது, அதிலிருந்து சிறு தொகையைப் பயன்படுத்திப் பார்ப்பது ஆகிய ஒவ்வொன்றும் பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிய ஏற்பாட்டை நுகர்வோர் ஏற்றுக்கொண்டார் என்ற வாதத்துக்கு இடமளிக்கும். பழைய ஒப்பந்தத்தை நீக்கிப் புதியதை வைக்க இரு தரப்பின் இசைவும் தேவை என்பது பிரிவு 62-இன் நிபந்தனை. அந்த இசைவைத் தெரியாமலேயே தந்துவிடக் கூடாது.

'7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வரவை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்ற வரியும் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது. மௌனத்தைச் சம்மதமாக ஒருதலைப்பட்சமாக மாற்றிவிட இயலாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் நெடுங்காலக் கோட்பாடு. ஆயினும் அந்த வாதத்தை நம்பிக் காத்திருப்பதைவிட, அந்த 7 நாட்களுக்குள் 'வரவை ஏற்கவில்லை' என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுவது எளிது. விரிவான கடிதத்தைப் பின்னர் எழுதலாம்.

ரத்து, ஒத்திவைப்பு ஆகிய இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதும் அவசியம். புதிய தேதியும் இடமும் உறுதியாக அறிவிக்கப்பட்டு, அதே டிக்கெட் அங்குச் செல்லும் என்றால் அது ஒத்திவைப்பு. இதில் டிக்கெட்டின் நிபந்தனைகளைக் காட்டி ஏற்பாட்டாளர் வாதிட ஓரளவு இடமுண்டு. தேதியே இல்லாமல் 'விரைவில்' என்று கூறி வரவு தருவது, பெயர் எதுவாக இருந்தாலும் ரத்துதான். மின்னஞ்சலில் 'ஒத்திவைப்பு' என்ற சொல் இருக்கிறது என்பதற்காகக் கடிதத்திலும் அதே சொல்லைப் பயன்படுத்திவிடக் கூடாது.

நுகர்வோர் சட்டம் சேர்ப்பது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'சேவை' என்பதற்குத் தரும் வரையறையில் பொழுதுபோக்கும் கேளிக்கையும் நேரடியாகவே இடம்பெற்றுள்ளன. எனவே பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர் என்பதில் ஐயமில்லை. இலவச அனுமதிச் சீட்டு பெற்றவருக்கும், லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய மொத்தமாக வாங்கியவருக்கும் இந்த உரிமை இல்லை.

குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள் அல்லது காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47). கடிதங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பிரிவு இது. ஆனால் இதை மட்டுமே நம்பியிருப்பது சரியன்று. அப்பிரிவின் சொற்கள் வழங்கப்பட்ட சேவையைப் பற்றியவை. நிகழ்ச்சியே நடக்காத நிலையில் அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடலாம். ஆகவே சேவைக் குறைபாட்டை வரையறுக்கும் பிரிவு 2(11)-ஐயும், செலுத்திய தொகையை வட்டியுடன் திருப்பித் தர ஆணையிட ஆணையத்துக்கு அதிகாரமளிக்கும் பிரிவு 39-ஐயும் சேர்த்தே குறிப்பிடுவது நல்லது. பிரிவு 39 என்ற எண் ஒப்பந்தச் சட்டத்திலும் நுகர்வோர் சட்டத்திலும் வெவ்வேறு பொருளில் வருவதால், எந்தச் சட்டம் என்பதைக் கடிதத்தில் ஒவ்வொரு முறையும் எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

டிக்கெட் இணையதளம் அல்லது செயலி வழியாக வாங்கப்பட்டிருந்தால், மின்வணிக விதிகள், 2020 மேலும் ஒரு பிடிமானத்தைத் தருகின்றன. மின்வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்' என்று தளம் கூறினாலும் இந்தக் கடமையிலிருந்து அது விலக இயலாது.

'டிக்கெட் தொகை திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையை நுகர்வோர் ஏற்றுத்தானே வாங்கினார் என்ற கேள்வி எழலாம். நுகர்வோர் மனம் மாறி வராமல் போவதற்கு அந்த நிபந்தனை பொருந்தும். ஏற்பாட்டாளரே நிகழ்ச்சியை நடத்தாதபோதும் அது செல்லும் என்று வாதிட்டால், அது பிரிவு 2(46) கூறும் நியாயமற்ற ஒப்பந்தமா என்ற விவாதம் எழும். இங்கு ஒரு நடைமுறை நுணுக்கம் உள்ளது. ஒப்பந்த நிபந்தனை நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் புகாரை மாநில ஆணையமோ தேசிய ஆணையமோதான் விசாரிக்க இயலும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்காக மாநிலத் தலைநகருக்கு அலைய விரும்பாதவர், கடிதத்திலும் பின்னர் புகாரிலும் 'சேவைக் குறைபாடு' என்ற அடிப்படையிலேயே நிற்பது நல்லது.

வரவு என்ற ஏற்பாட்டுக்கு உச்ச நீதிமன்றமே ஒப்புதல் அளித்துள்ளதே என்று சில நிறுவனங்கள் கூறுவதுண்டு. கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் ரத்தான விமானப் பயணங்கள் குறித்து 2020 அக்டோபர் 1-இல் பிறப்பிக்கப்பட்ட உத்தரவையே அவை சுட்டுகின்றன. அந்த உத்தரவை முழுமையாகப் படித்தால் அது நுகர்வோருக்கே துணைநிற்பது தெரியும். நிதி நெருக்கடியில் இருந்த விமான நிறுவனங்களுக்கு மட்டும், 2021 மார்ச் 31 வரை மட்டும், மாதந்தோறும் மதிப்பு கூடும் வகையில் வரவு அனுமதிக்கப்பட்டது. அத்தேதிக்குள் பயன்படுத்தப்படாத தொகையைப் பணமாகத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவின் பகுதி. 12 மாதங்களில் காலாவதியாகும் இசை நிகழ்ச்சி வரவுக்கு அது முன்னுதாரணம் ஆகாது.

ஒரு கணக்கு

நடைமுறையை விளக்க, கற்பனையான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். நாக்பூரில் வசிக்கும் ஒருவர், புணேயில் 2025 நவம்பர் 22, சனிக்கிழமை நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிக்குத் தமக்கும் குடும்பத்தினருக்குமாக 4 டிக்கெட்டுகளைச் செப்டம்பர் 6-ஆம் தேதி செயலி வழியாக வாங்குகிறார். ஒரு டிக்கெட் 3,500 ரூபாய்; நான்குக்கும் 14,000. முன்பதிவுத் தளத்தின் வசதிக் கட்டணம் 700 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். வங்கிக் கணக்கிலிருந்து சென்ற மொத்தத் தொகை 14,826 ரூபாய்.

நவம்பர் 18-ஆம் தேதி, 'தவிர்க்க இயலாத ஏற்பாட்டுக் காரணங்களால்' நிகழ்ச்சி நடைபெறாது என்ற மின்னஞ்சல் வருகிறது. 12 மாதங்கள் செல்லுபடியாகும் 14,000 ரூபாய் வரவு தரப்படும் என்கிறது அது. வசதிக் கட்டணத்தைப் பற்றி எதுவும் இல்லை. புணேக்குச் செல்ல எடுத்திருந்த 4 ரயில் டிக்கெட்டுகளையும் அவர் அன்றே ரத்து செய்கிறார். ரத்துக் கட்டணமாக 756 ரூபாய் பிடிக்கப்படுகிறது.

அவரது கோரிக்கையில் மூன்று அடுக்குகள் உள்ளன. மூன்றின் வலிமையும் ஒன்றல்ல. 14,000 ரூபாய் டிக்கெட் தொகை மிக வலுவானது. காரணம் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்கலாம். 826 ரூபாய் வசதிக் கட்டணத்தில் தகராறு உண்டு. முன்பதிவு என்ற சேவையைத் தாங்கள் செய்து முடித்துவிட்டதாகத் தளம் கூறும். எனவே அதைத் தளத்திடமும், தராவிட்டால் ஏற்பாட்டாளரால் விளைந்த இழப்பு என்ற வகையில் ஏற்பாட்டாளரிடமும் கோர வேண்டும். 756 ரூபாய் ரயில் கட்டணம் முழுக்க இழப்பீடு. ரத்துக்கு ஏற்பாட்டாளரே பொறுப்பு என்றால்தான் அது நிற்கும். 'ஏற்பாட்டுக் காரணங்கள்' என்று அவர்களே எழுதியிருப்பதால் இங்கு அதைக் கேட்க இடமிருக்கிறது. பெருமழையால் ரத்தாகியிருந்தால் அந்தத் தொகையை விட்டுவிடுவதே கடிதத்தின் நம்பகத்தன்மைக்கு நல்லது. மூன்றும் சேர்ந்து 15,582 ரூபாய்.

பல கடிதங்கள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். மன உளைச்சலுக்கு 5 லட்சம், 10 லட்சம் என்று கேட்கும் கடிதத்தை நிறுவனத்தின் சட்டப் பிரிவு மிரட்டல் என்று ஒதுக்கிவைத்துவிடும். ரசீதுகளுடன் பைசா சுத்தமாகக் கூட்டப்பட்ட ஒரு தொகையை ஒதுக்குவது கடினம்.

யாருக்கு அனுப்புவது?

டிக்கெட்டில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் நிகழ்ச்சியின் வணிகப் பெயராக இருக்கும். சட்டப்படியான நிறுவனத்தின் பெயர் ரசீதின் அடிப்பகுதியில் ஜிஎஸ்டி எண்ணுடன் சிறிய எழுத்தில் காணப்படும். அந்த 15 இலக்க எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் 'வரிசெலுத்துவோரைத் தேடுக' பகுதியில் உள்ளிட்டால் சட்டப்படியான பெயர் தெரிந்துவிடும். எண்ணின் முதல் இரு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், மகாராஷ்டிரத்துக்கு 27. நிறுவனம் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். கடிதம் செல்ல வேண்டியது அந்த முகவரிக்கே. சமூக ஊடகப் பக்கத்தில் இடும் பதிவு கவனத்தை ஈர்க்கலாம். அறிவிப்பு அளித்ததற்கான சான்றாக அதை நம்பியிருக்க முடியாது.

கடிதம் ஏற்பாட்டாளருக்கும், நகல் முன்பதிவுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே நாளில் செல்ல வேண்டும். பணம் யாரிடம் தேங்கியுள்ளது என்பது டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியாது. பல வேளைகளில் நிகழ்ச்சி முடியும் வரை அது தளத்திடமே இருக்கும். சில வேளைகளில் முன்கூட்டியே ஏற்பாட்டாளருக்குச் சென்றிருக்கும். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவதை ஒரே கடிதம் தடுக்கிறது. மின்னஞ்சலுடன் அஞ்சல் வழியாகவும் அனுப்புவது நல்லது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் சேவை ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்றையும் பாதுகாத்து வைத்தால் போதும்.

கடிதத்துடன் டிக்கெட், கட்டண ரசீது, வங்கிக் கணக்கின் தொடர்புடைய வரி, ரத்து மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். நிகழ்ச்சிப் பக்கத்தையும் அதன் நிபந்தனைகளையும் திரைப்பிடிப்பாக உடனே சேமித்துக்கொள்வது அவசரமான வேலை. ரத்துக்குச் சில நாட்களிலேயே அந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிடக்கூடும்.

கடிதத்தின் வாசகம்

நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் இடத்தைப் பொறுத்து, கடிதத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத நேரிடலாம். உள்ளடக்கம் எந்த மொழியிலும் ஒன்றே. மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கான கடிதம் இவ்வாறு அமையும்:

"நாள்: 24.11.2025

பொருள்: 22.11.2025 அன்று நடைபெறவிருந்து உங்களால் ரத்து செய்யப்பட்ட இசை நிகழ்ச்சி – முன்பதிவு எண் (…) – 15,582 ரூபாயைத் திருப்பித் தரக் கோருதல்.

மேற்கண்ட நிகழ்ச்சிக்கு 06.09.2025 அன்று 4 டிக்கெட்டுகளை வாங்கி, மொத்தம் 14,826 ரூபாய் செலுத்தினேன். நிகழ்ச்சி நடைபெறாது என்று 18.11.2025 தேதியிட்ட மின்னஞ்சலில் தெரிவித்தீர்கள். பணத்துக்குப் பதிலாக 14,000 ரூபாய்க்கு 12 மாத வரவு தருவதாகவும் கூறியுள்ளீர்கள்.

அந்த வரவை நான் ஏற்கவில்லை. அதைப் பயன்படுத்தவும் இல்லை. என் கணக்கில் அது சேர்க்கப்பட்டிருந்தாலோ இனிச் சேர்க்கப்பட்டாலோ, அதை என் இசைவாகக் கொள்ளக் கூடாது.

நான் வாங்கியது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கான அனுமதி. அது நடைபெறாததால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவுகள் 39, 55, 64 ஆகியவற்றின்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். ரத்துக்கான காரணம் உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நீங்கள் கூறினாலும், அதே சட்டத்தின் பிரிவு 65-இன்படி பெற்ற தொகையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ளீர்கள். தொகையைத் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடும், பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறையும் ஆகும்.

டிக்கெட் தொகை 14,000 ரூபாய், வசதிக் கட்டணமும் அதன் மீதான வரியும் 826 ரூபாய், ரத்தால் நேர்ந்த ரயில் கட்டண இழப்பு 756 ரூபாய் ஆக மொத்தம் 15,582 ரூபாயை, பணம் செலுத்தப்பட்ட அதே வங்கிக் கணக்குக்கு 09.12.2025-க்குள் அனுப்ப வேண்டும். அத்தேதிக்குப் பின், 18.11.2025 முதல் கணக்கிட்டு ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன், வழக்குச் செலவையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கோருவேன்.

இக்கடிதத்தின் நகல் முன்பதிவுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பப்படுகிறது. மின்வணிக விதிகள், 2020-இன்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் புகார் எண்ணும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கெடு 15 நாட்கள். ஏழு நாள் கெடு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போதாது என்று பின்னர் வாதிடப்படலாம். ஒரு மாதம் தந்தால் வேறு வழிகளுக்கான காலம் கரைந்துபோகும். 'அதே வங்கிக் கணக்குக்கு' என்ற சொற்கள் தளத்தின் பணப்பையில் தொகையைப் போட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டதாகக் கூறுவதைத் தடுக்கும். வட்டி 9 சதவீதம் என்பது கேட்கும் அளவுதான். ஆணையங்கள் பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வரை வழங்குகின்றன.

வரும் பதில்கள்

'ஜிஎஸ்டி கட்டிவிட்டோம், அதைத் திரும்பப் பெற இயலாது' என்பது அடிக்கடி வரும் பதில்களில் ஒன்று. அது சரியன்று. முன்பணம் பெற்ற சேவை ரத்தானால் கடன் குறிப்போ பணத் திருப்புச் சீட்டோ வழங்கி வரியைச் சரிசெய்துகொள்ளலாம் என்று மறைமுக வரிகள் வாரியம் 2020 ஏப்ரலிலேயே சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்தியுள்ளது. கலைஞருக்கும் அரங்குக்கும் முன்பணம் கொடுத்துவிட்டோம் என்பது இன்னொரு பதில். அது ஏற்பாட்டாளர் அவர்களுடன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

14,000 ரூபாயை மட்டும் ரொக்கமாகத் தர முன்வந்தால் நிலைமை வேறு. தொகை தானாகவே வங்கிக் கணக்கில் வந்துவிட்டால், பகுதித் தொகையாக மட்டுமே அதைப் பெற்றுக்கொண்டதாக உடனே எழுதிவிட்டு மீதியைக் கேட்கலாம். ஆனால் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வாசகத்துக்கு ஒப்புதல் கேட்டால், அதை ஏற்றபின் மீதிக்கு வழியில்லை. 1,582 ரூபாய்க்காக ஆணையம் வரை செல்வதா என்பது அவரவர் முடிவு. பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். அதில் தவறேதும் இல்லை.

கடன் அட்டையிலோ பற்று அட்டையிலோ பணம் செலுத்தியவர்களுக்குக் கெடு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. பெறப்படாத சேவைக்கான கட்டணத்தைத் திருப்பக் கோரி, சார்ஜ்பேக் எனப்படும் தகராறு விண்ணப்பத்தை அட்டை வழங்கிய வங்கியிடம் அளிக்கலாம். இதற்கு அட்டை வலைப்பின்னல்கள் வகுத்த கால வரம்பு உண்டு. பெரும்பாலும் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாட்கள். ரத்து மின்னஞ்சலும், வரவை மறுத்து எழுதிய கடிதமும் இங்கே முக்கியச் சான்றுகளாகும். வரவை ஏற்றுக்கொண்டவரின் விண்ணப்பம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தோற்றுவிடும். இரு வழிகளிலும் பணம் வந்துவிட்டால் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

கெடு முடிந்த பின்

பதில் இல்லாவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். உதவி மையத்தால் உத்தரவிட இயலாது. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் பெறுவதே அதன் பணி. பெரிய முன்பதிவுத் தளங்களுடனான சிக்கல் பல வேளைகளில் இந்த நிலையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு நிகழ்ச்சிக்காக மட்டுமே முளைத்த சிறு ஏற்பாட்டாளரிடம் அது செல்லுபடியாவது அரிது.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிகழ்ச்சி புணேயில், நிறுவனம் மும்பையில் என்றாலும், மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ளவர் நாக்பூர் ஆணையத்தை அணுகலாம். 'மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்ற நிபந்தனை இதற்குத் தடையாகாது. தகராறு நடுவர் தீர்ப்பாயத்துக்கே செல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதிசெய்துள்ளது.

செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ரத்தான நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 12 மாத வரவு காலாவதியாகும் வரை காத்திருந்து, பிறகு ஏற்பாட்டாளருடன் மாதக்கணக்கில் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கால வரம்பைத் தவறவிடும் ஆபத்து உண்டு. ஏற்பாட்டாளரும் தளமும் இருவருமே எதிர்த்தரப்பினராகச் சேர்க்கப்பட வேண்டும்.

அறிவிப்பு கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாட்கள் வரை மட்டுமே நீட்டிக்க இயலும். வழக்கை மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் ஓராண்டையோ அதற்கு மேலோ எதிர்பார்க்க வேண்டியிருக்கும். உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்துக்கு 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பணம் தர உத்தரவிடப்பட்ட தரப்பு அத்தொகையில் பாதியை முன்கூட்டியே செலுத்தினால்தான் அந்த மேல்முறையீடு ஏற்கப்படும். உத்தரவை நிறைவேற்றாமல் இருப்பவருக்கு, பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.